லீவு கொடுத்தவர் ஒருவர், சம்பளம் போட்டவர் இன்னொருவர்

என் மச்சினன் கோவையில் வீட்டிலிருந்தே ஒரு ஜெர்மன் நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தான். 5 வருஷம் 4 மாதம். போன வாரம் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டு, "மாமா, கிராஜுவிட்டி எவ்வளவு வரும், கொஞ்சம் கணக்குப் போட்டுச் சொல்லுங்க" என்றான். சம்பளப் பட்டியல் போடுவதுதான் என் பிழைப்பு. கடைசி அடிப்படைச் சம்பளம் 60,000. அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 5 வருஷத்தால் பெருக்கினால் 1,73,077 ரூபாய். சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

அந்த ஜெர்மன் நிறுவனத்துக்கு இந்தியாவில் அலுவலகமே கிடையாது. அதனால் 'எம்ப்ளாயர் ஆஃப் ரெக்கார்ட்' என்று சொல்லப்படும் உள்ளூர் ஏஜென்சி மூலம் ஆள் எடுத்திருந்தார்கள். நியமனக் கடிதம், பி.எஃப், ஃபார்ம் 16 எல்லாம் ஏஜென்சி பெயரில். இன்டர்வியூ எடுத்தது, வேலை சொன்னது, லீவு கொடுத்தது, இன்கிரிமென்ட் முடிவு செய்தது எல்லாம் ஜெர்மனியில் இருக்கும் மேனேஜர். ஏஜென்சியில் இவன் முகத்தைப் பார்த்தவர்கள்கூட இல்லை.

மூன்று வருஷம் ஒரு மாதம் கழித்து ஜெர்மன்காரர்கள் ஏஜென்சியை மாற்றினார்கள். கட்டணம் குறைவாம். ஒரு வெள்ளிக்கிழமை, பழைய ஏஜென்சிக்கு ராஜினாமா கடிதம் ஒன்றும் புது ஏஜென்சியின் நியமனக் கடிதம் ஒன்றும் மின்னஞ்சலில் வந்தன. இரண்டிலும் கையெழுத்துப் போட்டான். திங்கட்கிழமை அதே நாற்காலி, அதே லேப்டாப், அதே மேனேஜர். "சும்மா பேப்பர் மாற்றம்தான்" என்றாராம் அவர்.

அந்தப் பேப்பரில்தான் சிக்கல். பி.எஃப் பணம் யு.ஏ.என் எண்ணோடு கூடவே வந்துவிடும், எந்த ஏஜென்சிக்குப் போனாலும். கிராஜுவிட்டி அப்படி வராது. பொதுவாக அது ஒரே முதலாளியிடம் தொடர்ந்து 5 வருஷம் இருந்தால்தான் கிடைக்கும். புது ஏஜென்சி, "எங்களிடம் நீங்கள் இருந்தது 2 வருஷம் 3 மாதம்தான்" என்கிறது. பழைய ஏஜென்சி, "நீங்களாகத்தானே ராஜினாமா செய்தீர்கள்" என்கிறது. ஜெர்மன் மேனேஜரிடம் கேட்டதற்கு, "உன் முதலாளியிடம் கேள்" என்று பதில். 5 வருஷமாக இவனுக்கு லீவு கொடுத்த மனிதர் சொன்ன பதில் இது.

இதில் இன்னொன்று இருக்கிறது. பல ஏஜென்சிகள் கிராஜுவிட்டிக்கு என்று ஒரு தொகையை மாதாமாதம் வெளிநாட்டு நிறுவனத்திடம் பில் போட்டு வாங்கிவிடுவார்கள். வழக்கமான கணக்கு, அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம். இவன் சம்பளத்துக்கு மாதம் சுமார் 2,885 ரூபாய். 5 வருஷம் ஆகாமல் ஆள் போய்விட்டால் அந்தப் பணம் திரும்பப் போகுமா, ஏஜென்சியிடமே தங்குமா என்பது அவர்கள் இருவருக்குள் உள்ள ஒப்பந்தத்தில் இருக்கும். இவன் அதைப் பார்க்கவே முடியாது.

சட்டம் இதை இப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறது என்றில்லை. கோழிக்கோட்டில் ஒரு கயிறு தொழிற்சாலை, நடுவில் கான்ட்ராக்டரை வைத்து 29 பேரை வேலை வாங்கியது. அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை என்றது. 1978-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர், நடுவில் இருக்கும் திரையை விலக்கிப் பார்க்க வேண்டும், தொழிலாளியின் பிழைப்பு யார் கையில் இருக்கிறதோ அவரே முதலாளி என்றார். ஆனால் இதை மட்டும் நம்பி இறங்கிவிட முடியாது. 2014-இல் ஏர் இந்தியா கேன்டீன் ஊழியர்கள் வழக்கில் அதே நீதிமன்றம், யார் நியமித்தது, யார் சம்பளம் கொடுத்தது, யாருக்கு வேலையை விட்டு நீக்க அதிகாரம், கட்டுப்பாடு எவ்வளவு என்று வரிசையாகக் கேட்டது. ஊழியர்கள் தோற்றார்கள். என் மச்சினன் விஷயத்தில் முதல் இரண்டு கேள்விக்கும் பேப்பரில் பதில் ஏஜென்சிதான். நீக்குவது? கடிதம் ஏஜென்சி கொடுக்கும், முடிவு ஜெர்மனியில் எடுப்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஜெர்மனியில் ஆளை இப்படி வாடகைக்கு விட லைசென்ஸ் வேண்டும், பொதுவாக 18 மாதம்தான் உச்சவரம்பு. லைசென்ஸ் இல்லாமல் விட்டால், வாடகைக்கு எடுத்தவரையே சட்டம் முதலாளி ஆக்கிவிடும். அது அங்கே வேலை செய்பவர்களுக்கு. கோவையில் உட்கார்ந்திருப்பவனுக்கு இல்லை.

ஏஜென்சி மாறுகிறது என்று உங்களுக்கும் மின்னஞ்சல் வந்தால், ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று தரப்பும் கையெழுத்திடும் மாற்றல் ஒப்பந்தம் கேளுங்கள். பழைய பணிக்காலம் தொடரும், கிராஜுவிட்டிக்கும் லீவுக்கும் அது சேரும் என்று அதில் ஒரு வரி இருக்க வேண்டும். தர மறுக்கும் ஏஜென்சியும் உண்டு. அப்போது அந்தத் தொகையைச் சம்பளத்தில் சேர்த்துக் கேட்பதுதான் மிச்சம். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் யாரும் பதில்கூட எழுத மாட்டார்கள்.

மச்சினன் தொழிலாளர் துறைக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறான். எதிர்மனுதாரர் என்ற இடத்தில் யார் பெயரைப் போடுவது என்று நேற்று ராத்திரி போன் செய்தான். மூன்று பெயரையும் போடு, யார் வந்து 'நான் இல்லை' என்று சொல்கிறார்கள் பார்க்கலாம் என்றேன்.