ஸ்கிரீன்ஷாட்டில் காலைப் பார்த்து என்ன சொல்ல முடியும்?

சர்க்கரை நோயாளிகளின் கால் புண் பார்க்கும் கிளினிக்கில் நான் நர்ஸ். அந்த இடத்து போன் என் கையில்தான் இருக்கும். வெளியூரிலிருந்து வருகிற படங்களை முதலில் நான் பார்த்து, பிறகு டாக்டரிடம் காட்டுவேன். காட்டுவதற்கு ஏதாவது தெரிந்தால்தானே காட்டுவது? கலங்கலாக, மஞ்சள் அப்பி, ஃபிளாஷ் வெளிச்சம் பட்டு, இடது காலா வலது காலா என்றுகூடத் தெரியாத ஒரு படம். கீழே ஒரு வரி: "சிஸ்டர், இது என்னன்னு டாக்டர்ட்ட கேட்டுச் சொல்லுங்க." இதைப் பார்த்துப் பார்த்து இன்று பொறுமை போய்விட்டது.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா, பல வருடமாகச் சர்க்கரை. கிராமத்தில் கணவரோடு இருக்கிறார், மகன் பெங்களூரில். அம்மாவுக்கு வலது கால் வலிக்கிறது, கணுக்காலுக்கு மேல் நிறம் மாறியிருக்கிறது. அப்பா ராத்திரி வீடியோ காலில் காட்டுகிறார், மகன் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எங்களுக்கு அனுப்புகிறார். வீடியோ கால் என்பதே நெட் வேகத்துக்கு ஏற்ப இளைத்துப் போய் வருகிற படம். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் அது இன்னொரு முறை சுருக்கும். போதாக்குறைக்குக் காலில் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும். அந்தப் படத்தில் தெரிந்ததெல்லாம் எண்ணெயில் பளபளத்த ஒரு வெள்ளைத் திட்டுதான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார். அரிப்பில் சொறிந்த தோலா, தோலுக்கு அடியில் கிருமி பரவும் செல்லுலைட்டிஸா என்று எதை வைத்துச் சொல்வது?

வேறு படம் கேட்டோம். மறுநாள் வந்தது, இந்த முறை நேர் எதிர். போனைத் தோலில் ஒட்டாத குறையாக வைத்து எடுத்திருந்தார்கள். போன் கேமராவுக்கு ஒரு குறைந்தபட்சத் தூரம் வேண்டும், அதற்குள் போனால் குவியம் அமையாது. புதுப் போன்கள் சிலவற்றில் அகலமாகப் பிடிக்கும் இன்னொரு லென்ஸுக்குத் தானாகவே மாறிவிடும், வடிவமே இழுபட்டுப் போகும். பழுப்பாக ஒரு பரப்பு, நடுவில் இரண்டு முடி, அவ்வளவுதான். குதிகாலா, கெண்டைக்காலா, யாருக்குத் தெரியும்?

இப்படியே இரண்டு நாள் போயிற்று. சர்க்கரை இருக்கிற காலில் இரண்டு நாள் என்றால் என்ன என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். எனக்குக் கோபம் அந்த அப்பா மேல் இல்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. "போட்டோ அனுப்புங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிற எல்லா ஆஸ்பத்திரிகள் மேலும்தான் கோபம். ரத்தம் எடுக்க வந்தால் வெறும் வயிற்றோடு வாருங்கள் என்று சொல்கிறோமே, படத்துக்கு மட்டும் ஏன் ஒரு வார்த்தை சொல்வதில்லை?

கடைசியில் அந்தத் தெருவில் பத்தாவது படிக்கிற ஒரு பெண்ணைப் போனில் பிடித்து, ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் காலைச் சாதாரணத் தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைக்கச் சொன்னேன். மஞ்சளும் எண்ணெயும் போகவேண்டும். தேய்த்தால் தோல் தானாகவே சிவக்கும், அதனால் துடைத்துப் பத்து நிமிடம் சும்மா விடவேண்டும். ஊதா மருந்து, டிஞ்சர், காப்பித்தூள், பற்பசை எதைப் போட்டிருந்தாலும் டாக்டர் பார்ப்பது அதன் நிறத்தைத்தான், தோலின் நிறத்தை அல்ல. கறை போகவில்லையென்றால் விட்டுவிட்டு, என்ன போட்டோம் என்று எழுதுங்கள். ஆழமான புண்ணாக இருந்தால் தோண்டித் துடைக்க வேண்டாம், ஒட்டியிருக்கும் கட்டைப் பிய்க்கவும் வேண்டாம்.

பிறகு வெளிச்சம். பகல் நேரம், ஜன்னல் ஓரம், நேர் வெயில் படாத இடம். டியூப் லைட்டையும் ஃபிளாஷையும் அணைக்கவேண்டும். நம் தோலுக்கு இது இன்னும் முக்கியம். மாநிறத்திலும் கறுப்பிலும் தோலின் அழற்சி ஆங்கிலப் புத்தகப் படத்தில் வருவது போலச் சிவப்பாகத் தெரியாது. கருஞ்சிவப்பாக, ஊதா கலந்த பழுப்பாக, சில சமயம் சுற்றியிருக்கும் தோலைவிடக் கொஞ்சம் கருமையாக மட்டும் தெரியும். அந்தச் சின்ன வேறுபாட்டை மஞ்சள் பல்பு விழுங்கிவிடும். ஃபிளாஷ் அடித்தால் மேடு பள்ளமெல்லாம் தட்டையாகிவிடும். "சிவப்பா இல்லையே சிஸ்டர், பயப்பட ஒண்ணுமில்லைல்ல?" என்று கேட்பவர்களிடம் நான் கத்தாத குறை. சிவப்பைத் தேடாதீர்கள் அய்யா, அடுத்த காலோடு வித்தியாசத்தைத் தேடுங்கள்!

காலுக்கு அடியில் என்ன விரிக்கிறோம் என்பதும் படத்தை மாற்றும். வெள்ளை வேட்டியை விரித்தால் கேமரா அந்த வெள்ளைக்கு ஏற்ப வெளிச்சத்தைக் குறைத்து, காலை இருட்டாக்கிவிடும். சிவப்புச் சேலையென்றால் தோலிலும் சிவப்புச் சாயல் ஏறும். பூவேலை இல்லாத பச்சை அல்லது நீலத் துண்டு போதும். லென்ஸைத் துடைத்துவிட்டு, திரையில் புண் இருக்கும் இடத்தை விரலால் ஒரு முறை தொட்டு, படம் தெளிந்த பிறகு எடுங்கள். பியூட்டி மோடும் போர்ட்ரெய்ட்டும் வேண்டவே வேண்டாம். ஒன்று தோலை வழவழப்பாக்கும், இன்னொன்று ஓரத்தை மங்கலாக்கும். எங்களுக்கு வேண்டியதே அந்தச் சொரசொரப்பும் அந்த ஓரமும்தான்.

அந்தப் பெண் எடுத்த முதல் படம் மூன்றடி தள்ளி நின்று, இரண்டு காலும் முழங்காலிலிருந்து விரல் வரை தெரிகிற மாதிரி. டாக்டர் அந்த ஒரு படத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்தார். இடது காலில் கணுக்கால் எலும்பு முட்டிக்கொண்டு தெரிகிறது, வலது காலில் அதைக் காணோம். தோலின் மெல்லிய கோடுகள் மறைந்து, இழுத்துக் கட்டியது போல மினுமினுப்பு. நிறம் கருஞ்சிவப்பு. ஒற்றைக் காலை மட்டும் எடுத்திருந்தால் அவர் கால் பருமனே அப்படித்தான் என்று நினைத்திருப்போம்.

இரண்டாவது, பாதிப்பு இருக்கும் இடத்தை ஒரு அடி தூரத்திலிருந்து, ஜூமை 2x வைத்து, நேராக. பக்கத்தில் பள்ளிக்கூட ஸ்கேல். ஸ்கேல் புண்ணின் மட்டத்திலேயே கிடக்கவேண்டும், முன்னால் தூக்கிப் பிடித்தால் அளவு பொய்யாகும். பலர் ஒரு ரூபாய் நாணயம் வைக்கிறார்கள். எந்த ஒரு ரூபாய்? 2019-இல் வந்தது 20 மி.மீ., 2011-இல் வந்தது ஏறக்குறைய 22 மி.மீ., அதற்கு முந்தைய பெரிய நாணயம் 25 மி.மீ. எல்லாமே கடையில் புழங்குகின்றன. புண் ஆறுகிறதா பெருக்கிறதா என்று மில்லிமீட்டரில் பார்க்கிறவர்களுக்கு இந்த வேறுபாடு சின்னதல்ல.

மூன்றாவது பக்கவாட்டில், தோலின் மட்டத்துக்குத் தாழ்ந்து எடுத்தது. வீக்கம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது, கொப்புளம் இருக்கிறதா என்பது அதில்தான் தெரியும். நான்காவதாக, விரல் இடுக்குகளை விரித்து எடுக்கச் சொன்னேன். யாரும் அனுப்பாத படம் இது. நான்காம் விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே தோல் வெளுத்து ஊறி, வெடித்துக் கிடந்தது. சேற்றுப்புண். கிருமி நுழைந்த வாசல் அங்கே இருக்க, இரண்டு நாளாக எல்லாரும் கணுக்காலையே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்!

படங்களை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொன்னேன், அப்போதுதான் சுருங்காமல் வரும். கூடவே எழுத்தில்: எப்போது தொடங்கியது, காய்ச்சல் உண்டா, இன்றைய சர்க்கரை அளவு, என்னென்ன மாத்திரை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. படத்தில் சூடு தெரியாது, வலி தெரியாது, நாற்றம் தெரியாது, காலில் நாடி துடிக்கிறதா என்பதும் தெரியாது. புறங்கையை வைத்து இரண்டு காலின் சூட்டையும் ஒப்பிட்டு எழுதச் சொன்னேன். வலது கால் கொதிக்கிறது என்று பதில் வந்தது.

நேரில் வரச் சொன்னார் டாக்டர். மகன் மறுநாள் காலைதான் வந்து சேர முடியும் என்றார்கள். காய்ச்சல் இல்லை, நடக்கிறார். அதனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி அன்றே மாத்திரை தொடங்க வைத்து, நிறம் மாறியிருக்கும் பகுதியின் ஓரத்தைச் சுற்றிப் பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதச் சொன்னார். சாயங்காலம் அதே ஜன்னல், அதே தூரம், அதே துண்டு. கோட்டைத் தாண்டி மூன்று விரல் அகலம் மேலே ஏறியிருந்தது. மாத்திரை தொடங்கிய முதல் நாளில் கொஞ்சம் பரவுவது உண்டு, கோட்டை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. ஆனால் அதற்குள் குளிர் நடுக்கமும் வந்திருந்தது. "காலை வரைக்கும் வேண்டாம், இப்பவே கிளம்புங்க" என்றார். ராத்திரியே வாடகை வண்டியில் வந்து சேர்ந்தார்கள். நரம்பு வழியாக மருந்து ஏறியது, வீக்கம் வடிந்தது, கால் தப்பியது. கோட்டோடு எடுத்த இரண்டு படங்கள் இல்லையென்றால் விடியும்வரை காத்திருப்பார்கள்.

2020 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி, தொலைவிலிருந்து பார்ப்பது போதுமா, நேரில் வரவேண்டுமா என்று முடிவு செய்கிற பொறுப்பு டாக்டருடையது. அப்படியிருக்க, "படம் அனுப்பியாச்சே, அப்புறம் ஏன் வரச் சொல்றீங்க" என்று எங்களோடு சண்டைக்கு வருகிறார்கள். படத்தைப் பார்த்ததால்தான் அம்மா வரச் சொல்கிறோம்!

தோல் கறுத்துப் போனாலும், ஊதாக் கொப்புளம் கட்டினாலும், பார்ப்பதற்குச் சின்னதாக இருந்தும் தாங்க முடியாமல் வலித்தாலும், அழுத்தினால் தோலுக்கு அடியில் நறநறவென்றாலும், காய்ச்சலோடு பேச்சு குழறினாலும் ஜன்னலும் வேண்டாம், ஸ்கேலும் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டுக் கிளம்புங்கள். வழியில் இருக்கும்போது எனக்கு ஒரு போன் போட்டால் போதும், டாக்டரை நான் கூப்பிட்டு வைக்கிறேன்.