சேர்க்கிறவன் பாடு

ஐந்து யூனிட், ஐந்து பேர். ஆளுக்கு ஒன்றாகச் சுருக்கி எழுதிச் சேர்த்தால் கைடு ரெடி என்றார்கள். சேர்க்கும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்தது.

ஒருவன் 3 பக்கம், இன்னொருத்தி 28 பக்கம். சரி, அதைக்கூட விடுங்கள். வெப்ப இயக்கவியலில்தான் மாட்டினேன். இரண்டாவது யூனிட்டை எழுதியவன் ΔU = Q − W என்கிறான். நான்காவதை எழுதியவள் ΔU = Q + W என்கிறாள். அவள் கூட்டல் குறியைத் தவறாகப் போட்டுவிட்டாள் என்று நானே கழித்தல் ஆக்கினேன்.

அப்புறம்தான் அவள் போட்டிருந்த கணக்கைப் பார்த்தேன். வாயுவுக்கு 100 ஜூல் வெப்பம் கொடுக்கிறோம், அது 40 ஜூல் வேலை செய்கிறது. அக ஆற்றல் 60 ஜூல் கூட வேண்டும். அவளோ W = −40 என்று எழுதியிருக்கிறாள். என் 'திருத்தத்தில்' அதைப் போட்டால் 140 வருகிறது!

இரண்டு சூத்திரமும் சரிதான். அவன் புத்தகத்தில் W என்பது வாயு செய்யும் வேலை. அவள் புத்தகத்தில் வாயுவின் மேல் செய்யப்படும் வேலை. இதை ஒரே ஒரு வரி எழுதி வைக்க இரண்டு பேருக்கும் கை வரவில்லை.

இப்போது நடுராத்திரியில் கைடு முழுக்க ஒவ்வொரு W-ஆகத் தேடிக்கொண்டிருக்கிறேன். குரூப்பில் ஒருவன் கேட்கிறான், "இன்னுமா முடியல?"