பிரிட்ஜ் கிளம்புமா என்பதை எது தீர்மானிக்கிறது?

"டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத இன்வெர்ட்டரில் பிரிட்ஜ், மோட்டார் எதுவும் ஸ்டார்ட் ஆகாது. வாங்கி ஏமாறாதீர்கள்."

இது பாதிதான் சரி. சாதாரண கம்ப்ரசர் உள்ள பிரிட்ஜ் ஓடும்போது 150 வாட்ஸ் அளவில்தான் எடுக்கும். ஆனால் கிளம்பும் அந்த ஒரு நொடியில் 1000 வி.ஏ. வரை கேட்கலாம். கனமான டிரான்ஸ்ஃபார்மர் உள்ளவை இந்தச் சுமையைப் பொதுவாகச் சில நொடிகள் தாங்கும். மற்ற வகையில் பாதுகாப்பு சர்க்யூட் சட்டென்று கட் செய்துவிடும். அதனால் பெட்டியில் கணநேர உச்சத் திறனாக "சர்ஜ் 2000" என்று மட்டும் இருந்தால் போதாது, எத்தனை நொடிக்கு என்று கேளுங்கள். தொடர் திறனே 2000 வி.ஏ. இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாததும் அந்த பிரிட்ஜைக் கிளப்பிவிடும். இன்வெர்ட்டர் கம்ப்ரசர் பிரிட்ஜ் மெதுவாக வேகம் எடுப்பதால் அதற்கு இந்தப் பிரச்சினையே குறைவு.

என் வீட்டில் டிரான்ஸ்ஃபார்மர் வகைதான். அப்படியும் பிரிட்ஜ் கிளம்பும்போது 'லோ பேட்டரி' என்று கத்தி நின்றுவிடும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அந்த நொடியில் 80 ஆம்பியருக்கு மேல் போகும், ஒயரோ மெல்லியது. குட்டையான, தடித்த கேபிள் மாற்றியதும் சரியாகிவிட்டது.

சும்மா இருக்கும்போது கரண்ட் குறைவாகத் தின்பது பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாததுதான். அரை எச்.பி. தண்ணீர் பம்ப் என்றால் ஓடும்போதே 600 வாட்ஸ் பக்கம் எடுக்கும், கிளம்ப அதைப்போல நான்கைந்து மடங்கு. கிளாம்ப் மீட்டரில் அளக்காமல் எந்த வகையையும் நான் சொல்ல மாட்டேன்.