பச்சைத் தோல் சாத்துக்குடி காய் அல்ல

ராமேஸ்வரம், கீழக்கரை, தொண்டி என்று எந்தப் பழக்கடையில் நின்றாலும் காதில் விழுவது இதுதான்: "அண்ணே, இது காயால்ல இருக்கு, மஞ்சளாப் பாத்துக் குடுங்க." கடைக்காரரும் மஞ்சளாகத் தேடி எடுத்துக் கொடுக்கிறார். ஒதுக்கப்படும் பச்சையில் பெரும்பகுதி நன்றாகப் பழுத்தது என்பதுதான் வருத்தம்.

சாத்துக்குடியிலும் ஆரஞ்சிலும் உள்ளே சுளை பழுப்பது வேறு, வெளியே தோல் நிறம் மாறுவது வேறு. மரத்தில் நாள் ஆக ஆகப் புளிப்பு குறைந்து இனிப்பு ஏறும். தோலில் இருக்கும் பச்சையம் சிதைந்து மஞ்சள் தெரிய வேண்டுமானால் குளிர் வேண்டும். இரவு வெப்பம் ஏறக்குறைய 13 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். நம் கடற்கரையில் மார்கழியில்கூட அப்படி ஒரு இரவு வராது. இங்கே ஒரு மரம் வைத்தால் அதன் பழம் பச்சையாகவே இனிக்கும். ஆந்திராவின் அனந்தபூர், கடப்பா பக்கத்துச் சாத்துக்குடியும் குளிர் வருமுன்னே பறிக்கப்பட்டால் அப்படித்தான் வந்து இறங்கும். நிறம் மாறிய பழத்தை மரத்திலேயே விட்டுவைத்து வெயில் காலம் வந்தால், வாலென்சியா போன்ற ரகங்களில் தோல் மறுபடி பச்சையாகிவிடும். உள்ளே இனிப்பு குறையாது.

மஞ்சளாகக் கேட்பதால் என்ன நடக்கிறது? பழத்தை மூடிய அறையில் வைத்து எத்திலீன் வாயு விடுகிறார்கள். பத்து லட்சத்தில் ஐந்து பங்கு போதும், ஒன்றிரண்டு நாளில் பச்சை போய்விடும். முறையாகச் செய்தால் உடம்புக்குக் கேடில்லை. ஆனால் இனிப்பு ஒரு துளியும் கூடாது, ஏனென்றால் இது மாம்பழம்போல் பறித்தபின் பழுக்கும் இனமே அல்ல. பழத்துக்கு நஷ்டம்தான்: காம்புக் குமிழ் உதிர்ந்து அந்த இடத்தில் அழுகல் பிடிக்கும், தோலும் சீக்கிரம் சுருங்கும். கார்பைடு கல் வைப்பது சட்டப்படியே தடை, அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பச்சையில் நல்லதை எப்படி எடுப்பது? ஒரே அளவில் இரண்டை இரு கைகளிலும் வைத்துப் பாருங்கள். கனமானதில்தான் சாறு. அடுத்து தோல்: காயின் பச்சை கருமையாக, சொரசொரவென்று இருக்கும், பழுத்ததில் பச்சை வெளுத்து, தோல் வழுவழுப்பாகி, அழுத்தினால் லேசாக அமுங்கும். சந்தேகமிருந்தால் கடையில் ஒன்றை அறுக்கச் சொல்லுங்கள். வெள்ளைச் சதை தடித்து, சுளை வறண்டு, சாறு புளித்தால் அது காய், எத்தனை நாள் வைத்தாலும் தேறாது. தோல் பச்சையாக இருந்தாலும் சுளை நிரம்பிச் சாறு வடிந்தால் கூடையோடு வாங்கலாம்.

ஒதுக்க வேண்டிய பச்சையும் ஒன்று உண்டு. பழம் ஒரு பக்கம் கோணலாக, அளவில் சிறுத்து, காம்புப் பக்கம் நிறம் மாறியும் அடிப்பக்கம் பச்சையாகவே நின்றால், மரத்துக்குப் பசுமை நோய் இருக்கலாம். அறுத்தால் விதைகள் சூம்பிக் கருத்திருக்கும், சாறு கசக்கும்.