மதிப்புரைகள் தானாக இடம் மாறுவதில்லை

இணையக் கடையில் விற்கும் இரத்த அழுத்தக் கருவி ஒன்றின் கீழே, சமையலறைத் தராசுக்கு எழுதிய மதிப்புரைகள் நிற்பது தெரியவந்தது அல்லவா? அந்த விவகாரத்தில் விற்பனையாளர் வெளியிட்ட விளக்கத்தை நேற்று நண்பர்கள் பலர் பகிர்ந்திருந்தீர்கள். "தொழில்நுட்பக் கோளாறு காரணமாக வேறொரு பொருளின் மதிப்புரைகள் தவறுதலாக இணைந்துவிட்டன" என்கிறார். மாட்டிக்கொண்டவர் வேறு எப்படிப் பேசுவார்? அதைவிட அதன் கீழே வந்த கருத்துகள்தான் என்னைத் தூங்க விடவில்லை. "வாங்குகிறவர்தான் பார்த்து வாங்க வேண்டும்." "நாலு மதிப்புரையைப் படித்துப் பார்த்தாலே தெரிந்திருக்குமே." என் பக்கத்தில் பல வருடமாக இருப்பவர்களே இப்படி எழுதியிருக்கிறீர்கள். ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

மதிப்புரைகள் தானாக இடம் மாறுவதில்லை. யாராவது மாற்றினால்தான் மாறும். ஒரு சட்டை மூன்று நிறத்தில், நான்கு அளவில் வந்தால், இணையக் கடைகள் அவை எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் "வகைகள்" என்று காட்டுகின்றன. எல்லா வகைக்கும் மதிப்புரைகள் பொது. இதில் தவறு எதுவும் இல்லை. நீலச் சட்டையின் தையலைப் பற்றி எழுதியது பச்சைச் சட்டைக்கும் பொருந்தும். இந்த வசதியைத்தான் திருடுகிறார்கள். நன்றாக விற்று நல்ல பெயர் வாங்கிய பழைய பொருள் ஒன்றின் பக்கத்தில், சம்பந்தமே இல்லாத புதிய பொருளை இன்னொரு "வகை"யாகச் சேர்க்கிறார்கள். பிறகு தலைப்பு மாறுகிறது, படம் மாறுகிறது, விவரம் மாறுகிறது. கடைசியில் பழைய பொருளை விற்பனையிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். நட்சத்திரங்களும் மதிப்புரைகளும் அங்கேயே நிற்கின்றன. இத்தனை படிகளில் எந்தப் படி கோளாறு?

இதன் பலன் எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதையும் பாருங்கள். பழைய பொருளுக்கு 2,000 மதிப்புரைகள், சராசரி 4.6 என்று வைத்துக்கொள்வோம். புதிய பொருளை வாங்கிய 100 பேர் நொந்துபோய்ச் சராசரியாக 1.5 கொடுக்கிறார்கள். எளிய சராசரியாகக் கணக்கிட்டால் மொத்தம் ஏறக்குறைய 4.45. திரையில் நாலரை நட்சத்திரம்! நூறு பேர் ஏமாந்து, நூறு பேரும் வாய்விட்டுச் சொன்ன பிறகும், நூற்றியோராவது ஆளுக்கு அது கேட்பதில்லை.

இது என் கற்பனை என்று நினைப்பவர்களுக்காக ஒரு வழக்கு. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023 பிப்ரவரியில், வைட்டமின் மாத்திரைகள் விற்கும் பவுண்டிஃபுல் நிறுவனத்தின் மீது இதே குற்றச்சாட்டை வைத்தது. புதிதாக வந்த பொருள்களை, நன்றாக விற்றுக்கொண்டிருந்த வேறு பொருள்களின் வகைகளாக இணைக்கும்படி அமேசானிடம் அந்த நிறுவனமே கேட்டு வாங்கியது என்றது ஆணையம். மதிப்புரைகளோடு, "அதிகம் விற்பனையாவது" என்ற முத்திரையும் புதிய பொருள்களுக்குப் போனது. 6 லட்சம் டாலர் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டார்கள். விண்ணப்பித்துச் செய்த வேலை அது.

என் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, அது பிடித்துப்போய் மதிப்புரை எழுதினேன். "அளவைத் துல்லியமாகக் காட்டுகிறது. எழுத்து பெரிதாக இருப்பதால் அம்மாவும் எளிதாகப் பயன்படுத்துகிறார்." அவ்வளவுதான். அந்த வரிகள் இப்போது இந்த இரத்த அழுத்தக் கருவியின் கீழே, என் பெயரோடு, ஐந்து நட்சத்திரத்தோடு நிற்கின்றன. சித்தி அதைப் படித்துவிட்டுத்தான் வாங்கினார். கருவி தினமும் 128 காட்டியது. மருத்துவர் அளந்தபோது 160. "நீயே நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தாயே அம்மா, அதனால்தான் வாங்கினேன்" என்று அவர் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. நான் தொட்டுக்கூடப் பார்க்காத கருவிக்கு என்னைப் பொய்ச்சாட்சி ஆக்கியிருக்கிறார்கள். யாருக்காவது உதவட்டும் என்று காசு வாங்காமல் எழுதிய இரண்டு வரி அது.

இப்போது சொல்லுங்கள், சித்தி எதைப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும்? "துல்லியம்", "எளிது", "பெரிய எழுத்து". மூன்றும் தராசுக்கும் பொருந்தும், இரத்த அழுத்தக் கருவிக்கும் பொருந்தும். மதிப்புரைகளைப் புதியது முதலில் வருமாறு வரிசைப்படுத்திப் பார்க்கலாம், வாங்கியவர்கள் போட்ட படங்களைப் பார்க்கலாம், கருவி சந்தைக்கு வருவதற்கு முந்தைய தேதியில் மதிப்புரை இருக்கிறதா என்று தேடலாம் என்பது எனக்கும் தெரியும். செய்யுங்கள், நல்லதுதான். ஆனால் புதிய மதிப்புரைகளையும் விலைக்கு வாங்குகிறார்கள். பொருளை வாங்கி ஐந்து நட்சத்திரம் கொடுத்தால், கடைக்கு வெளியே முழுப் பணத்தையும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். உண்மையாகவே வாங்கியதால் "சரிபார்க்கப்பட்ட கொள்முதல்" என்ற அடையாளமும் கிடைக்கிறது. அதையும் சித்திதான் கண்டுபிடிக்க வேண்டுமா? ஏமாற்றுகிறவருக்கு இதுவே முழுநேரத் தொழில். ஏமாறுகிறவருக்கு இருப்பது பத்து நிமிடம்.

"சிறு விற்பனையாளர்கள் பாவம், மதிப்புரை இல்லாவிட்டால் யார் கண்ணிலும் படமாட்டார்கள்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். முதல் பாதி உண்மைதான்; பூஜ்யத்திலிருந்து தொடங்குகிற யாரும் தேடல் பட்டியலின் அடியில்தான் கிடப்பார்கள். ஆனால் அதே அடியில், ஒழுங்கான கருவியை வைத்துக்கொண்டு நேர்மையாகக் காத்திருக்கும் இன்னொரு சிறு விற்பனையாளரை யார் நினைக்கிறீர்கள்? இவர் திருடிய இடம் அவருடையது.

"சட்டம் பார்த்துக்கொள்ளும்" என்பவர்களுக்கும் ஒன்று. அதே அமெரிக்க ஆணையம் 2024-இல் போலி மதிப்புரைகளுக்கு எதிராகத் தனி விதியே கொண்டுவந்தது. மதிப்புரையை வாங்குவதும் விற்பதும் அதில் தடை. முன்மொழிவில் இருந்த, மதிப்புரைகளை வேறு பொருளுக்கு மாற்றுவது பற்றிய பகுதி மட்டும் இறுதி விதியில் இடம்பெறவில்லை. பொதுவான ஏமாற்றுத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட முடியும், மறுக்கவில்லை. ஆனாலும் சித்தியைப் போன்றவர்களுக்கு நேர்ந்தது அந்த விதிக்கு வெளியே நிற்கிறது என்பது வலிக்கிறது.

கருவியின் விற்பனைப் பக்கத்தில் போட்டிருக்கும் ஒப்பீட்டு அட்டவணையையும் விட்டுவிட முடியாது. இடப்பக்கம் "எங்கள் கருவி", வலப்பக்கம் "மற்ற கருவிகள்". எந்த மற்றவை? பெயர் இல்லை. பெயர் சொன்னால் அந்த நிறுவனம் கேள்வி கேட்கும். "±3 துல்லியம்" என்று இடப்பக்கம் ஒரு பச்சைக் குறி. அந்த எண் பெரும்பாலும் கையில் சுற்றும் பட்டைக்குள் இருக்கும் காற்றழுத்தத்தைக் கருவியின் உணரி எவ்வளவு சரியாக அளக்கிறது என்பதைத்தான் குறிக்கிறது. மனிதக் கையில் கட்டி அளக்கும்போது கருவி சரியாகச் சொல்கிறதா என்பது வேறு சோதனை. அதற்கான சர்வதேசத் தரநிலைப்படி, பொதுவாகக் குறைந்தது 85 பேரிடம் அளந்து, பயிற்சி பெற்றவர்கள் அளந்ததோடு ஒப்பிட வேண்டும். அந்தச் சோதனை நடந்ததா என்று அட்டவணையில் ஒரு வார்த்தை இல்லை. கருவியைப் பரிந்துரைத்து வந்த காணொளியில் அதைக் கையில் கட்டிக்கொண்டு சிரித்தவரும் கேட்கவில்லை. அவர் பணம் வாங்கிக்கொண்டு பேசியது, காணொளிக்குக் கீழே உள்ள விவரக் குறிப்பை முழுதாக விரித்துக் கடைசிக் குறிச்சொல் வரை போனால்தான் தெரிகிறது. மாத்திரை அளவைத் தீர்மானிக்கும் கருவி ஐயா இது. இதில் எப்படி மனம் வந்தது?

விற்பனையாளருக்கு என் கேள்விகள் இவைதான். கருவியை அந்தப் பக்கத்தில் எந்தத் தேதியில் சேர்த்தீர்கள்? சேர்க்கச் சொன்னது யார்? அன்றிலிருந்து எத்தனை பேர் வாங்கினார்கள்? அவர்கள் ஒவ்வொருவருக்கும் எழுதி, கருவியை நம்பி மாத்திரையை மாற்றவேண்டாம் என்று சொல்லி, கேட்காமலே பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். என் பெயரில் நிற்கும் மதிப்புரையை நீக்கும்படி அந்த இணையக் கடைக்கு எழுதியிருக்கிறேன். உங்கள் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். தராசு வாங்கியவர்கள் நம்மில் இன்னும் சிலர் இருக்கிறீர்கள்.