உரித்த பூண்டுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

உரித்த பூண்டு வாங்குவதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுபவர்கள் யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. கிலோ விலையை மட்டும் ஒப்பிடுகிறார்கள். தோலும் காம்பும் சேர்ந்து முழுப்பூண்டில் சுமார் 15 சதவீதம் போய்விடும், அதையும் சேர்க்க வேண்டும்.

முழுப்பூண்டு கிலோ 200 ரூபாய், உரித்தது 320 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 250 கிராம் உரித்த பூண்டு 80 ரூபாய். அதே அளவு உரித்த பல் கிடைக்க 295 கிராம் முழுப்பூண்டு வேண்டும், அதற்கு 59 ரூபாய். வித்தியாசம் 21 ரூபாய்தான். பல் சிறிதாக இருந்து உரிக்க இருபது நிமிடம் பிடித்தால், உங்கள் வேலைக்கு மணிக்கு 63 ரூபாய் கூலி ஆகிறது. அந்தக் கூலிக்கு நான் உரிக்க மாட்டேன்.

ஆனால் வாங்கிய உரித்த பூண்டில் 60 கிராம் கெட்டுப்போனால் கணக்கே மாறிவிடும். 80 ரூபாய்க்கு 190 கிராம்தான் கைக்கு வருகிறது. கூடுதல் செலவு 35 ரூபாய், மிச்சமாகும் நேரமோ பதினைந்து நிமிடம். கூலி மணிக்கு 140 ரூபாயாக ஏறிவிடுகிறது! தோல் போன பூண்டு ஈரத்தில் சீக்கிரம் அழுகும். அதனால் ஒரு வாரத்தில் தீரும் அளவுக்கு மேல் வாங்காதீர்கள். பையில் நீர் கோத்திருந்தாலோ, பல் வழவழவென்று ஒட்டினாலோ, புளித்த வாடை வந்தாலோ வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் துணியால் ஒற்றி, டப்பாவில் காகிதம் விரித்து ஃபிரிட்ஜில் வையுங்கள். கெடாமல் இருக்கட்டும் என்று எண்ணெயில் மூழ்கடித்து வெளியே மட்டும் வைக்காதீர்கள். காற்றுப் படாத அந்த இடத்தில் பொட்டுலிசம் நச்சு உருவாகலாம், வாடையை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

இஞ்சி பூண்டு விழுதில் எனக்கு அந்தத் தாராளம் கிடையாது. உரித்த பல்லில் மணம் உள்ளேயே இருக்கும், நசுக்கும்போதுதான் கிளம்பும். கடை விழுதில் அது அரைத்த அன்றே கிளம்பி, நாளாக நாளாக மங்கிவிடுகிறது. பாக்கெட்டின் பின்னால் பொருட்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாகத்தான் போட வேண்டும். தண்ணீர் முன்னால் வந்தால் அதற்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். உப்பும் புளிப்பும் ஏற்கெனவே இருப்பதால் குழம்பில் உப்பைக் குறைத்துப் போட்டு, ருசி பார்த்துக் கூட்டுங்கள். உரித்த பூண்டையும் இஞ்சியையும் வாங்கித் தண்ணீர் விடாமல் அரைத்து, ஐஸ் தட்டில் உறைய வைத்தால் இதைவிட நல்ல விழுது கிடைக்கும்.

நறுக்கிய காய்களில் ஒரே கேள்வி: வேலை எதில், நறுக்குவதிலா, ஆய்வதிலா? கேரட், பீன்ஸ் பத்து நிமிட வேலை, வெட்டு வாய் காய்ந்து வதங்கியும் போகும். சாம்பார் காய்க் கலவை இன்னும் மோசம், கேரட் வேகும்முன் கத்தரிக்காய் குழைந்துவிடும். கள்ளன் எடுத்து ஆய்ந்த வாழைப்பூ, நார் எடுத்த வாழைத்தண்டு, உரித்த சின்ன வெங்காயம் இவற்றுக்குக் கூடுதல் விலை தகும். வாழைப்பூ கருத்திருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள், அது காலையிலேயே ஆய்ந்து மோரில் போடாமல் வைத்ததாக இருக்கும்.