நாலு மெசேஜ் போட்டது குத்தமா?

ரெண்டு நாளா எல்லார் டைம்லைன்லயும் சுத்திக்கிட்டிருக்கிற அந்த ஸ்க்ரீன்ஷாட்டைப் பத்திப் பேசக்கூடாதுன்னுதான் இருந்தேன். ஆஃபர் லெட்டர் என்னாச்சுன்னு கேட்டு ஒரு பையன் எச்ஆருக்கு நாலு மெசேஜ் போட்டிருக்கான், அவ்வளவுதான். "வேலை கிடைச்சிருச்சுன்னு சொல்லியும் பொறுமை இல்லாத கேண்டிடேட்"னு அந்த எச்ஆர் அம்மா போட, கீழ நானூறு பேர் சிரிக்க, முடியல.

ஒரே ஒரு கேள்விதான். போன்ல சொன்னீங்க. லெட்டர் எங்க?

2019ல எனக்கு இதேதான் நடந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் பெருங்குடி சிக்னல்ல பஸ்ஸுக்குள்ள நின்னுக்கிட்டிருக்கேன், போன். "கன்கிராட்ஸ், நீங்க செலக்டட், திங்கட்கிழமை லெட்டர் வந்துரும், நோட்டீஸ் 60 நாள்ங்கிறதால இப்பவே பேப்பர் போட்டுருங்க." வெள்ளிக்கிழமை காலையிலயே ரிசைன் பண்ணிட்டேன். திங்கள் போச்சு. புதன்ல "அப்ரூவல்ல இருக்கு". அதுக்கப்புறம் போன் எடுக்கல. பதினோராம் நாள் ஒரு வரி மெயில்: பொசிஷன் ஹோல்டாம். பழைய மேனேஜர் கேபின்ல நின்னு "சார், ரிசிக்னேஷனை வாபஸ் வாங்கிக்கிறேன்"னு சொன்னேன். அவர் லேப்டாப்பை விட்டு நிமிரவே இல்ல. "யோசிச்சு சொல்றேம்மா"ன்னார். அந்த வருஷம் எனக்கு ஹைக் கிடையாது.

"எச்ஆரும் பாவம்தானே, அவங்க கையில என்ன இருக்கு"ன்னு வருவீங்க. தெரியும். டீம் ஓகே சொன்னாலும் ஃபைனான்ஸ் ஓகே சொல்லணும், கேட்ட சம்பளம் அந்த கிரேடை தாண்டினா இன்னொரு கையெழுத்து வேணும், நடுவுல பட்ஜெட்டை நிறுத்தினா எல்லாம் போச்சு. சரி. அப்ப அந்தக் கையெழுத்தெல்லாம் வர்றதுக்கு முன்னாடி எங்களை ஏன் பேப்பர் போடச் சொல்றீங்க? உங்க அப்ரூவலுக்கு நீங்க காத்திருங்க. எங்க மாசச் சம்பளத்தை அடமானம் வெச்சு காத்திருக்காதீங்க.

2022ல அடுத்த வேலைக்கு ஒரு காரியம் செஞ்சேன். போனை வெச்ச அரை மணி நேரத்துல மெயில் அனுப்பிட்டேன். ரொம்ப மரியாதையா, நாலே விஷயம். இன்னைக்கு பேசினபடி பதவி இது, இடம் சென்னை. சம்பளம் ஃபிக்ஸட் 9.6 லட்சம், வேரியபிள் தனி. லெட்டர் வெள்ளிக்கிழமைக்குள்ள வரும்னு சொன்னீங்க. கடைசி வரிதான் முக்கியம்: "லெட்டர் கைக்கு வந்ததும் ரிசைன் பண்றேன், அன்னையிலிருந்து 60 நாள்ல சேருறேன்."

அந்தக் கடைசி வரி என்ன செய்யும் தெரியுமா? அவங்க தாமதிக்கிற ஒவ்வொரு நாளும் நம்ம சேர்ற தேதி ஒரு நாள் தள்ளிப்போகும். அவசரம் அவங்க பக்கம் போயிரும்.

வெள்ளிக்கிழமை வரல. திங்கள் காலை அதே மெயிலுக்குக் கீழயே ரெண்டு வரி. புதுசா மெயில் போடல, ஏன்னா பழைய தேதி மேலேயே தெரியணும். புதன்கிழமை போன். எடுக்கல. அன்னைக்கே இன்டர்வியூ எடுத்த மேனேஜரையும் சேர்த்து ஒரு மெயில். வியாழக்கிழமை லெட்டர் வந்தது. பிரிச்சுப் பார்த்தா ஃபிக்ஸட் 8.4, வேரியபிள் 1.2! மாசம் பத்தாயிரம் காணோம். முதல் மெயிலைக் காட்டினேன், "கிளெரிகல் எரர்"னு மாத்திக் குடுத்தாங்க. எரராம்.

இதுக்கு நடுவுல வேற ரெண்டு இன்டர்வியூவுக்கும் போனேன். அதுவும் துரோகம்னு ஒருத்தர் கமென்ட்ல சொல்லுவார். சொல்லட்டும்.

ஒரு வக்கீல் நண்பர், "1872 ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சும் ஒப்பந்தமாகலாமே"ன்னார். ஆகலாம் சார். நான் கோர்ட்ல நின்னு, பஸ்ஸுக்குள்ள போன்ல என்ன பேசினாங்கன்னு எதை வெச்சு நிரூபிக்கிறது? அதுவரைக்கும் வீட்டு வாடகையை யார் கட்டுறது?

"திரும்பத் திரும்பக் கேட்டா ஆஃபரையே எடுத்துருவாங்க"ங்கிறீங்க. சொன்ன தேதி தாண்டின பிறகு ஒரு தடவை கேட்டதுக்கு எடுத்துருவாங்கன்னா, அது முன்னாடியே இல்லாத ஆஃபர். நம்மகிட்ட மட்டும் மூணு மாச பே ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், ஃபார்ம் 16 எல்லாம் அன்னைக்கு ராத்திரியே வேணும். அனுப்பலைன்னா நமக்கு சீரியஸ்னெஸ் இல்ல. அவங்க ஒரு பக்க பிடிஎஃப் அனுப்ப மூணு வாரம், அது புராசஸ்!

அந்த ஸ்க்ரீன்ஷாட்ல நாலாவது மெசேஜோட நேரத்தைப் பார்த்தீங்களா? ராத்திரி 11.46. "மேடம், இல்லைன்னாலும் சொல்லிடுங்க, நான் நோட்டீஸ்ல இருக்கேன்." இதுக்குத்தான் நானூறு சிரிப்பு.

அந்தப் பையன் ஏற்கெனவே பேப்பர் போட்டுட்டான்யா.